இருட்டுப் படத்துப் பெண்

“பனிமலைம்மா. அபிராமபுரத்துல, மூணாவது மாடி ஹால்ல நின்னு பார்த்தா பனிமலை தெரியுது.”

போனில் ராம்குமார் சொன்னதும் மெஹக் சிரித்துவிட்டாள். “ஏஐ ஆப்புல படத்தைப் போட்டீங்களா சார்?”

“போட்டேன். ஜன்னல் வெள்ளையா இருக்கு, நல்ல வியூவா மாத்துன்னு சொன்னேன். ரெண்டே நிமிஷம். மலை, ஏரி, ஏரியில படகு வேற. ஓனர் பார்த்துட்டு, யோவ், என் வீடு எங்க இருக்குன்னாவது உனக்குத் தெரியுமான்னு கேக்கறாரு.”

“படகுல யாராவது இருந்தாங்களா?”

“கிண்டல் பண்ணாத. அதான் திரும்ப உன்கிட்டயே வந்துட்டேன்ல. ஜூன் மாசம் எடுத்த படத்துல ஜன்னலுக்கு வெளிப்பக்கம் உன்கிட்ட இருக்கும். அதை எடுத்து இந்தப் புதுப் படத்துல வச்சுடு. அஞ்சு மணிக்குள்ள வேணும்.”

ராம்குமார் தி. நகரில் வீடு விற்றுக்கொடுக்கிறவர். மெஹக் அவருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் வீட்டுப் படங்களைத் திருத்திக் கொடுக்கிறாள். மந்தைவெளியில் ஒற்றை அறை, ஒரு மேசை, ஒரு பெரிய திரை. திரையில் நிறம் தப்பாகத் தெரியக் கூடாதென்று தன் அறை ஜன்னலில் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தாள். அதனால் அவள் பகலில் பார்க்கிற வெயில் எல்லாம் மற்றவர்கள் வீட்டு வெயில்தான். போனை வைத்த பிறகு, அன்று யாரிடமும் பேச வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. பல நாட்கள் அப்படித்தான் போயின.

அறைக்குள் நின்று பார்க்கிற கண்ணுக்கு உள்ளேயும் தெரியும், வெளியேயும் தெரியும். கேமராவுக்கு இரண்டில் ஒன்றுதான். சோபா தெளிவாக வந்தால் ஜன்னல் வெறும் வெள்ளையாகிப் போகும். ஜன்னலுக்கு வெளியே மரம் தெளிவாக வந்தால் அறை குகை மாதிரி இருண்டுவிடும். அதற்காகப் படம் எடுக்கிற உபைத் பாய், ஸ்டாண்டை அசைக்காமல் ஒரே இடத்திலிருந்து ஐந்து படம் எடுப்பார், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு. மெஹக் இருட்டுப் படத்திலிருந்து ஜன்னலை மட்டும் வெட்டி வெளிச்சப் படத்தில் பொருத்துவாள். பார்க்கிறவர்கள் நல்ல காற்றோட்டமான வீடு என்று சொல்வார்கள். அங்கே ஒருத்தி உட்கார்ந்து வெட்டி ஒட்டியது யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் வேலையே.

அபிராமபுரத்து வீடு ஒரு வருஷத்துக்கு மேலாக விலை போகவில்லை. விலை போகாத வீட்டை அடிக்கடி புதிதாகப் படம் எடுப்பார்கள். இதற்கு முன் மூன்று முறை எடுத்திருந்தார்கள். மூன்று முறையும் இருட்டுப் படங்களில் எதிர்வீட்டு இரண்டாம் மாடி பால்கனியில் அந்தப் பெண் இருந்தாள்.

ஐம்பது வயதிருக்கும். நைட்டி, தோளில் ஒரு துண்டு. முதல் முறை செய்தித்தாள் விரித்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து படங்களையும் வேகமாகத் தட்டினால் அவள் கை மேலே போய்க் கீழே வரும். மூன்றாவது படத்தில் மங்குவாள். நான்காவதில் நைட்டியின் நிறம் மட்டும் லேசாக நிற்கும். ஐந்தாவதில் வெள்ளைக்குள் கரைந்திருப்பாள். திரும்ப முதல் படத்துக்கு வந்தால் பீன்ஸோடு உட்கார்ந்திருப்பாள். இரண்டாம் முறை, ஜனவரியில், குளித்த தலையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தாள். ஜூனில் எழுந்து நின்றிருந்தாள். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்தாள். முதல் படத்தில் ஒரு கை நெற்றிக்கு மேல், வெயிலுக்கு மறைப்பாக. இரண்டாவதில் அதே கை இன்னும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. மூன்றாவதில் பார்க்கலாமென்றால் அதற்குள் வெளிச்சம் அவளை விழுங்கிவிட்டது.

அது கையாட்டலா, ஈ ஓட்டலா என்று மெஹக் எத்தனையோ மதியங்கள் சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறாள்.

மூன்று முறையும் அவளை அழித்தது மெஹக்தான். வீடு வாங்க வருகிறவர்களுக்கு எதிர்வீட்டுக்காரர்கள் பிடிக்காது, மரம் பிடிக்கும். பக்கத்துச் சுவரிலிருந்து கொஞ்சம் சுவரை எடுத்து அந்த உடம்பின் மேல் பூசினால் முடிந்தது. விளம்பரத்தில் காலிப் பால்கனி. அசல் படங்கள் மட்டும் அவள் கம்ப்யூட்டரில் இருந்தன. அந்தப் பெண்ணைப் பற்றி உலகத்தில் ஒருவரிடமும் அவள் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

இந்த முறை உபைத் பாய் அனுப்பியது ஒரே ஒரு படம். ஜன்னல் சுத்த வெள்ளை. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தாள். வெள்ளை சாம்பலானதே தவிர உள்ளே ஒன்றும் இல்லை. பதிவாகாததை எங்கிருந்து இழுப்பது?

சரி, ஜூன் படம்தான். ஆனால் இந்தப் புதுப் படம் ஸ்டாண்ட் இல்லாமல் கையில் பிடித்து எடுத்தது, கேமரா கொஞ்சம் உயரத்தில் இருந்திருக்கிறது. ஜூன் வெளிக்காட்சியைச் சற்று மேலே ஏற்றி, அளவைச் சரிசெய்தாள். ஜன்னல் கிரில்தான் உயிரை வாங்கியது. வெளிச்சம் அரித்துக் கம்பிகள் நூலாக மெலிந்திருந்தன. ஒவ்வொன்றாக ஓரம் வரைந்து தடிமன் கொடுத்தாள். வெளியே அறையைவிட ஒரு படி அதிக வெளிச்சம் விட்டாள். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் சுவரில் காலண்டர் ஒட்டிய மாதிரி ஆகிவிடும். தரையில் விழுந்த வெயில் எந்தப் பக்கம் சாய்கிறது, எதிர்வீட்டு நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒத்துப் பார்த்தாள். ஒத்தது.

மேல்கூரையில் லேசாக ஒரு பச்சை படர்ந்திருந்தது. ஜூனில் இது இல்லையே? மரம் நன்றாகத் தழைத்திருக்கிறது போல என்று நினைத்து, அந்தப் பச்சையைத் துடைத்து எடுத்தாள்.

கடைசியாக அந்தப் பெண். அழிக்கும் தூரிகையை அவள் மேல் வைத்தாள். வைத்த கை நகரவில்லை. படத்தில் அரிசியளவு இருந்தாள். யார் கண்ணில் படப்போகிறாள்? ஒரு தடவை இருந்துவிட்டுப் போகட்டுமே என்று அப்படியே அனுப்பினாள்.

பத்து நிமிஷத்தில் போன்.

“யாரும்மா அது பால்கனியில?”

“எதிர்வீட்டு அம்மா சார். சின்னதாத்தானே தெரியறாங்க, இருக்கட்டுமே.”

“பேயைப் போய் படத்துல விட்டிருக்கியே! எடு முதல்ல.”

“பேயா?”

“அட, ஆளே இல்லாத வீட்டுல ஆள் நின்னா என்னன்னு சொல்றது? அந்த பில்டிங்கை பில்டருக்குக் குடுத்து எல்லாரும் காலி பண்ணிட்டாங்க. இடிக்கப் போறாங்க.” சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். குரல் இறங்கியது. “நமக்கெதுக்கு அதெல்லாம்? அவங்களை மட்டும் தூக்கிட்டு அனுப்பும்மா.”

மெஹக் உபைத் பாயைக் கூப்பிட்டாள். அவர் ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தார், பின்னால் பாத்திரச் சத்தம்.

“பாய், ஏன் ஒரே படம்?”

“நான் அஞ்சும் எடுக்கத்தான் போனேன்மா. ராம்குமார் சார்தான் ஒண்ணு போதும், ஜன்னல் வெள்ளையா போகட்டும்னார். எதிர்ல மேலேர்ந்து கீழ வரைக்கும் பச்சை வலை கட்டி வச்சிருக்கான். அது தெரியக் கூடாதாம். உன்கிட்ட சொல்லலையா?”

“இல்லை.”

“உன்கிட்ட ஏன் சொல்லப் போறாங்க?” என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது உறைத்தது.

அவள் இன்று வந்த அசல் படத்தைத் திறந்து மேல்கூரையைப் பார்த்தாள். பச்சை. இலையின் பச்சை இப்படிச் சீராகப் பூசியது போல் விழாது. நான்கு மணி நேரம் கண்ணெதிரே இருந்திருக்கிறது. மரம் என்று நினைத்து அவளே துடைத்திருக்கிறாள்.

ராம்குமாருக்குச் செய்தி அனுப்பினாள்: ‘ஜூன் படத்தை வைக்க முடியாது சார். இப்ப வெளிய என்ன இருக்கோ அதை எடுத்துக் குடுங்க, கண்ணை உறுத்தாம வச்சுத் தரேன்.’ பதிலாக ஒரு குரல் பதிவு வந்தது. “பரவால்லம்மா, நான் ஆப்புலயே பார்த்துக்கறேன். மலை வேண்டாம், மரம் மட்டும் போதும்னு சொன்னா கேட்டுக்கும்.” கோபமே இல்லாத குரல். இனி அந்த நம்பரிலிருந்து போன் வராது என்று அவளுக்குப் புரிந்தது.

கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள். வெயிலில் கண் கூசியது. மந்தைவெளியிலிருந்து அபிராமபுரம் நடக்கிற தூரம்தான். இந்த ஒரு வருஷத்தில் ஒரு நாளாவது நடந்திருக்கலாம். மூன்று தடவை அழித்தவளை ஒரு தடவை நேரில் பார்த்திருக்கலாம். போய் என்ன சொல்வது என்ற கேள்வியே அவளை உட்கார வைத்துவிட்டிருந்தது.

தெரு அவள் நினைத்ததைவிடக் குறுகலாக இருந்தது. பச்சை வலை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. இடிப்பதற்கு முன் விலை போகிற சாமான்களைக் கழற்றுகிறார்கள் போலிருக்கிறது. வாசலில் நின்ற குட்டி யானை வண்டியில் கதவுகளும் ஜன்னல் சட்டங்களும் அடுக்கியிருந்தன. கேட்டருகில் வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாமா, யாரைப் பாக்கணும்?”

“ரெண்டாவது மாடியில ஒரு அம்மா இருந்தாங்களே.”

“பேரு இன்னா?”

அவளுக்குப் பெயர் தெரியாது. போனைத் திறந்து பெரிதாக்கிய படத்தைக் காட்டினாள். வெறும் கட்டம் கட்டமாக, மங்கலாக இருந்தது. அவர் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“அட, ஜெயஸ்ரீ அம்மா! இது நம்ம பால்கனிதான். இதை யாரு எடுத்தது?”

“நாங்கதான். எதிர்வீட்டுல இருந்து. அவங்க எங்க போயிருக்காங்க?”

“அது போய் மூணு வாரம் ஆவுது. நங்கநல்லூர் பக்கம்னாங்க. அட்ரஸ் யாருக்குத் தெரியும்? நம்பரும் இல்ல. ஒண்டியாத்தான் கீது, வரவும் போகவும் யாரும் கெடையாது.” ஒரு வாய் டீ குடித்தார். “நீ சொந்தமா?”

“இல்லைங்க.”

“ஆனா ஒண்ணு. எதிர்ல காலி வீடு கீது பாரு, அதுக்கு ஆள் வருது ஆள் வருதுன்னு சொல்லிக்கினே இருக்கும். கதவு தொறந்து கீது, லைட்டு எரியுது, யாரோ குடி வராங்க, நானே கையாட்டினேன்னு சொல்லிச்சு. நான்கூட, உனக்கு வேற வேலை இல்லையா தாயின்னு கேட்டேன். கடைசி வரைக்கும் ஒருத்தனும் வரல.”

மெஹக் நிமிர்ந்து பார்த்தாள். வலைக்குப் பின்னால் இரண்டாம் மாடியில் ஜன்னல் இருந்த இடம் சதுரமான ஓட்டையாக இருந்தது. பால்கனிக் கம்பி இன்னும் கழற்றப்படவில்லை. அங்கே நின்றால் எதிரே மூன்றாம் மாடி ஹால் எவ்வளவு தெரியும், உள்ளே நிற்கிறவர் முகம் தெரியுமா, அல்லது பகல் வெளிச்சத்தில் வெறும் கறுப்புக் கட்டமாகத்தான் தெரியுமா? இந்தப் பக்கத்திலிருந்து எடுத்த படம் ஒன்றுகூட அவளிடம் இல்லை. மேலே யாரோ சுத்தியலால் தட்டினார்கள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

“ஓரமா நில்லும்மா, தலையில விழப்போவுது.”

அவள் நகரவில்லை.

“அண்ணே, அந்தக் கம்பியைக் கழட்டறதுக்குள்ள நான் ஒரே ஒரு நிமிஷம் மேல போய் நின்னுட்டு வரட்டுமா?”