எட்டுக் கை எண்ணிய கதை

பெரம்பலூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸில் அரை நாள் போக வேண்டும். அதனாலோ என்னவோ, கடலில் பிடிபடுவது என்னவென்று சொல்லும் வேலை பெரம்பலூருக்கு வந்து சேர்ந்தது. எங்கோ வெளிநாட்டுப் படகுகளில் மாட்டிய கேமரா, மீனவர்கள் தட்டில் கொட்டுவதைப் படம் பிடித்து அனுப்பும். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், ஒரு மாடி ஆபீஸில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து, இது மீன், இது நண்டு, இது ஆக்டோபஸ் என்று கட்டம் போட்டுப் பெயர் வைப்பார்கள். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் படித்துக்கொள்ளுமாம். யாரிடம் படிக்கிறோம் என்று அதற்குத் தெரியாதது நல்லதுதான்.

வாலிகண்டபுரம் பிரவீணா அந்த நாற்காலியை விடாப்பிடியாகப் பிடித்திருந்தாள். வேலை இருக்கிற வரைக்கும் மாப்பிள்ளைப் பேச்சு எடுப்பதில்லை என்று அவள் அப்பா மணிவேல் வாக்குக் கொடுத்திருந்தார். வேலை போனால் மறுநாளே கல்யாணத் தரகர் வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஒவ்வொரு படமும் மூன்று பேருக்குப் போகும். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேர் சொல்வது சரி, தனியாக நிற்பவர் சொல்வது தப்பு. அடிக்கடி தனியாக நின்றால் நாற்காலி காலி. பிரவீணாவுக்கு வரும் படங்களே அரியலூர்க்காரி மலர்கொடிக்கும் பிரசாத்துக்கும் போகும்.

அந்த வாரம் தட்டு தட்டாக ஒரே வகைப் பிராணி வந்தது. டீம் லீடர் செந்தில்குமார் சொல்லிக் கொடுத்திருந்த வழி சுலபமானது: கையை எண்ணு, எட்டு இருந்தால் ஆக்டோபஸ், பத்து இருந்தால் கணவாய். மலர்கொடியும் பிரசாத்தும் எண்ணினார்கள். எட்டு. ஆக்டோபஸ் என்று போட்டார்கள்.

பிரவீணாவும் எண்ணினாள், எட்டுதான். ஆனால் அதன் உடம்பு ஒத்துவரவில்லை. ஆக்டோபஸ் என்றால் உடம்பு தண்ணீர் போன பலூன் மாதிரித் தொங்க வேண்டும், துடுப்பு இருக்கக் கூடாது. இதுவோ அகலமாக, தட்டையாக, முட்டை வடிவத்தில் விறைப்பாகக் கிடந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் தலையணை உறைக்குச் சுருக்கு வைத்துத் தைத்த மாதிரி உடம்பின் இரண்டு ஓரமும் மெல்லிய துடுப்பு ஓடியது. ஊசிக் கணவாயும் இல்லை. அது நீளமாக இருக்கும், துடுப்பு வால்முனையில் முக்கோணமாக நிற்கும். இது உடம்புக்குள் ஓடு இருக்கும் ஓட்டுக் கணவாய் என்று போட்டாள். வெள்ளிக்கிழமை, மற்ற இருவரோடு ஒத்துப்போன அவள் சதவீதம் பாதாளத்தில் கிடந்தது.

டீ குடிக்கும்போது செந்தில்குமாரிடம் போனாள்.

"சார், அது ஓட்டுக் கணவாய். மிச்ச ரெண்டு நீளக் கையையும் கண்ணுக்குக் கீழ இருக்கற பையில சுருட்டி வச்சுக்கும். அதான் எட்டு தெரியுது. துடுப்பைப் பாருங்க."

"ரெண்டு பேரு ஒண்ணா சொல்றாங்க, நீங்க மட்டும் வேற சொல்றீங்க. அவங்களுக்குக் கண்ணு இல்லையா? இன்னொரு வாரம் இப்படி வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

பக்கத்தில் நின்ற மலர்கொடி சிரித்தாள். "கண்ணுல படாத கையை நீ எப்புடி எண்ணுன?"

பிரவீணா டீயை வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் முடிவு செய்தாள். கணவாயைக் காப்பாற்றித் தனக்கு என்ன ஆகப்போகிறது, அது ஏற்கெனவே செத்துத் தட்டில் கிடக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து துடுப்பைக் கண்டும் காணாதவளாக எல்லாவற்றுக்கும் ஆக்டோபஸ் என்று போட்டாள். முதல் படத்துக்குக் கை கூசியது. மதியத்துக்குள் பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை செந்தில்குமார் அவளைக் கூப்பிட்டார். மலர்கொடியும் பிரசாத்தும் அங்கே நின்றார்கள்.

"கம்பெனிக்காரங்க இந்த வாரம் பரீட்சைப் படம் கலந்து விட்ருந்தாங்க. மீன் ஆராய்ச்சிக்காரங்க விடை போட்டது. எல்லாமே ஓட்டுக் கணவாய். இவங்க ரெண்டு பேரும் நூத்துக்கு நூறு. நீங்க ஒண்ணுகூட இல்ல. இதுலயும் நீங்க மட்டும் தனி."

பிரவீணா மலர்கொடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை அரியலூர் மார்க்கெட்டுல கணவாய் வந்துருந்துச்சு" என்றாள் மலர்கொடி. "நீ சொன்னியேன்னு கேட்டேன். மீன்காரம்மா கண்ணுக்குக் கீழ விரலை வுட்டு ரெண்டு நீளக் கையை உருவிக் காட்டுச்சு. பிரசாத்துகிட்டயும் சொன்னேன்."

"எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"உனக்குத் தெரிஞ்சதுதானே. நீதானே எங்களுக்கே சொன்ன."

செந்தில்குமார் ஆள் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்கிக்கொண்டே, நிஜமான வருத்தத்தோடு கேட்டார். "போன வாரம் எங்கிட்ட அவ்வளவு தெளிவா சொன்னீங்களேம்மா. அதுக்குள்ள எப்படி மறந்துட்டீங்க?"

மறக்கவில்லை என்று சொன்னால் பொய் போட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறந்துவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். பிரவீணா பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். மேலே மலர்கொடி, புதிதாக வந்த ஒருத்திக்குத் துடுப்பை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. ஒரு சொல்கூடத் தப்பில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.