பட்டனில் தமிழ்

பல் டாக்டரான மனைவியின் இணையதளத்தில் தமிழையும் சேர்த்த மென்பொருள்காரர், தமிழுக்கே தொண்டு செய்துவிட்ட மிதப்போடு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார். பல் பிடுங்கிக்கொண்ட அம்மா ஒருவர், கன்னத்தைப் பிடித்தபடி, அந்தத் தளம் திறந்திருந்த போனை நீட்டினார்.

"தம்பி, என்ன சாப்பிடலாம்னு பாக்கணும். இதுல தமிழ் எங்க இருக்கு?"

"மேல மூலைல பட்டன் இருக்கும்மா. தமிழ்னு போட்டிருக்கும்."

"அதை இங்கிலீஷ் எழுத்துல போட்டிருக்கியே. அது படிக்க வந்தா நான் ஏன் தமிழைத் தேடறேன்?"

அசடு வழிந்தபடி அவர் லேப்டாப்பைத் திறந்து, பட்டனில் தமிழைத் தமிழிலேயே எழுதினார். தளத்தின் தமிழ்ப் பக்கத்தில், ஆங்கிலத்துக்கு மாறும் பட்டனில் 'ஆங்கிலம்' என்று தமிழில் இருந்தது. யாரும் கேட்பதற்குள் அதையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றினார்.

"நல்லவேளை, நீங்க பல் டாக்டர் ஆகல. நல்ல பல்லைப் பிடுங்கிட்டு, அவங்க கத்தின அப்புறம்தான் சொத்தைப் பல்லைத் தேடியிருப்பீங்க," என்றாள் மனைவி.