கட்டில் விளிம்பு

என் மனைவி தீபிகா இறந்த மறுமாதம் தண்டால் எடுக்க ஆரம்பித்தேன். எண்ணும்போது வேறு நினைவு வருவதில்லை. நாற்பதில் தொடங்கியது எட்டு மாதத்தில் நூற்றறுபது ஆனது. ஒரு நாளும் விட்டதில்லை. காலையில் எழுவதற்கு என்னிடம் இருந்த காரணம் அது ஒன்றுதான்.

பிறகு மணிக்கட்டு வலி வந்தது. உள்ளங்கையைத் தரையில் ஊன்றியதும் மணிக்கட்டின் மேற்புறம் குத்தியது. பத்துகூட முடியவில்லை.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ் ஏறினேன். தீபிகாவின் தம்பி ஜெயப்பிரகாஷ் அங்கே ஜிம் நடத்துகிறான். எட்டு மாதமாக அவன் போனை நான் எடுத்ததில்லை.

"வாங்க மாமா," என்றான். போன்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காக இன்றும் அவனுக்கு நன்றியோடு இருக்கிறேன்.

மணிக்கட்டை மெல்ல மடக்கிப் பார்த்தான். "வீக்கம் இல்ல. விரல் மரத்துப்போவுதா?"

"விரல் இல்ல."

நிமிர்ந்து பார்த்தான். "எத்தினி போடுறீங்க?"

"நூத்தியறுவது. தெனமும்."

"கவர்மென்ட் ஆபீஸ்லயே ஞாயித்துக்கிழமை லீவு மாமா."

போட்டுக் காட்டினேன். "தோள் கைய தாண்டி முன்னாடி போவுது. மொத்த வெயிட்டும் மடங்கின மணிக்கட்டுல எறங்குது," என்றான்.

முஷ்டியை ஊன்றிப் போட்டேன். மணிக்கட்டு நேராக நின்றது, வலி குறைந்தது. ஆனால் விரல் முட்டிகள் தோலுரிந்தன. தரையில் வைக்கும் இரும்புக் கைப்பிடிகளைப் பிடித்துப் போட்டேன். ஆறாவதில் லேசாக வலித்தது.

"இதுலயும் மணிக்கட்டுக்கு வெயிட்டு ஜாஸ்தி. ஒரு வாரம் சும்மா இருங்க. அப்புறம் கைய உசரத்துல வெச்சு பத்துப் பத்தா போடுங்க. கட்டில் விளிம்ப பிடிச்சா போதும். அதுக்கும் வலிச்சா டாக்டருதான்."

தீபிகா போனதிலிருந்து நான் தரையில்தான் படுக்கிறேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கட்டில் விளிம்பைப் பிடித்தேன். வலிக்கவில்லை. மூன்றாவதில் கட்டில் மொசைக்கில் வழுக்கியது. நானே அவனுக்கு போன் செய்தேன்.

"கட்டில் நகருதுடா."

"சுவத்துல முட்ட வைங்க."

"ஃபேனுக்கு நேரா உங்க அக்கா போட்டது."

"அப்ப மேல ஆளு படுக்கணும். ஞாயித்துக்கிழமை வரேன். பத்துக் கிலோ கொறைக்கலாம்னு இருந்தேன். நல்லவேளை."

வந்தான். அடுத்த மாதத்துக்கு என்று ஒரு ஜோடிக் கைப்பிடியும் கொண்டுவந்தான். கட்டிலில் ஏறி, அவன் அக்கா படுக்கும் பக்கம் மல்லாந்து, ஃபேனைப் பார்த்தான்.

"ஆரம்பிங்க மாமா."

விளிம்பைப் பிடித்தேன். கட்டில் அசையவில்லை.

"ஒண்ணு," என்றான். "ரெண்டு."

எண்ணும் வேலை எனக்கு இல்லை. தீபிகா நினைவுக்கு வந்தாள். வரட்டும் என்று விட்டேன்.