நான்காவது பொத்தான்

தொண்டை அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம் அப்பாவின் குரலில் பதினாறு சொற்களைப் பதிவு செய்துகொண்டேன். பேச்சு போன பிறகு, நாலுக்கு நாலு பொத்தான் வைத்த பெட்டியாக அவற்றைத் திருப்பிக் கொடுத்தேன். முதல் வரிசையின் ஒன்றாம் பொத்தான் டீ, மூன்றாவது பேப்பர். மூன்றாம் வரிசையின் ஒன்றாவது கண்ணாடி, மூன்றாவது 'மூக்கி'. மூக்கி நான்தான். மூக்கு, பட்டப்பெயர் இரண்டுமே அப்பா கொடுத்தவை.

அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. காலையில் டீ, பேப்பர், கண்ணாடி மூன்றையும் சேர்த்து ஒரே அமுக்கு. பெட்டி சொல்லும்: "டீ. பேப்பர். கண்ணாடி. மூக்கி." நான் ஓடிப்போய் எதிரே உட்காருவேன். உச்சி குளிர்ந்துபோகும்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த தம்பி கேட்டான். "அக்கா, அப்பா மூணு விரல்தானே வைக்கிறாரு? நாலாவதை யாரு அமுக்குறா?"

"பாசம்டா."

"பாசம் எந்த வரிசையில இருக்கு?"

சிரிப்பு பாதியில் நின்றது. பூட்டுகளுக்கு எண் பொத்தான் பலகை செய்வது என் பிழைப்பு. அங்கே ஒரு நேரத்தில் ஒரு விரல்தான். அந்தப் பழக்கத்திலேயே வீட்டுப் பெட்டியையும் செய்திருந்தேன். ஒரு பொத்தானை அமுக்கினால் அதன் வரிசைக் கம்பியும் நெடுவரிசைக் கம்பியும் ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் ஓடும் கணினி நிரல் ஒவ்வொரு வரிசையாகத் தாழ்மின்னழுத்தத்துக்கு இழுத்து, எந்த நெடுவரிசை கூடவே இறங்குகிறது என்று பார்க்கும். மூன்றாம் வரிசையை இழுத்தால் கண்ணாடி வழியாக ஒன்றாம் நெடுவரிசை இறங்கும். அங்கிருந்து டீ வழியாக முதல் வரிசை, அதிலிருந்து பேப்பர் வழியாக மூன்றாம் நெடுவரிசை. நிரலுக்கு மூக்கி அமுக்கப்பட்ட மாதிரியே தெரியும். அப்பா என்னை ஒரு நாளும் கூப்பிடவில்லை.

"அப்படியே விட்டுடேன்," என்றான் தம்பி, பாவம் பார்த்து.

விட மனசு இழுத்தது. ஆனால் நாளைக்கு அவர் வேறு மூன்றை அமுக்கி, கேட்காத மருந்தைப் பெட்டி கேட்டால்? பொத்தானுக்கு ஒரு டயோடு, மொத்தம் பதினாறு வைத்து சால்டர் செய்தேன். இனி மின்சாரம் நெடுவரிசையிலிருந்து வரிசைக்கு மட்டுமே போகும். பின்வழியாகச் சுற்றி வராது. தம்பி உதவ வந்து மூன்று டயோடுகளைத் தலைகீழாக வைத்தான். அவனைத் திட்டியதில் கொஞ்சம் ஆறுதல்.

மறுநாள் காலை அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"டீ. பேப்பர். கண்ணாடி."

அவ்வளவுதான். வேலை சுத்தம். டீயைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினேன். அழுகை வந்தது.

"மூக்கி."

கை நின்றது.

"மூக்கி. மூக்கி."

போய்ப் பார்த்தேன். ஒற்றை விரல் அந்த ஒரு பொத்தான் மேல் இருந்தது. பேப்பர் பிரிக்காமல் கிடந்தது. அப்பா காலியாக இருந்த என் நாற்காலியைக் காட்டினார். பிறகு, ஏன் இவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தைத் தட்டினார்.