பதினொன்றாம் தூண்

2004 ஐப்பசியில் ராதன்பூர் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாமல் அகமதாபாத் பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டேன். காலண்டர் லோடு ஏற்றிப் போன லாரி கவிழ்ந்து, என் வீட்டுக்காரர் வெள்ளைத்துரை ராதன்பூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கையெழுத்துப் போட ஆள் வந்தால்தான் ஆபரேஷன். மூன்று மணிக்குள் வரச் சொல்லியிருந்தார்கள்.

கூட வந்தவன் கொழுந்தன் காளீஸ்வரன். "இந்தி நமக்குத் தண்ணிபட்ட பாடு மதினி" என்று விருதுநகரில் ரயில் ஏறியதிலிருந்து அளந்துகொண்டு வந்தான். இங்கே வந்ததும் வாயில் கொழுக்கட்டை. போர்டெல்லாம் குஜராத்தி, எண்கூட குஜராத்தி. மைக்கில் ஒரு பெண் மூச்சுவிடாமல் அறிவித்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை ஜன்னலில் "ராதன்பூர், ராதன்பூர்" என்றேன். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று கண்டு, துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். மேலே பெரிதாக ஓர் எண், கீழே ஓரமாகச் சின்னதாக ஒன்று.

எனக்கு உயிர் வந்தது. சிவகாசியில் ஏழு வருஷமாகத் தினசரி காலண்டருக்குத் தாள் அடுக்குகிறேன். குஜராத்தி ஆர்டரும் வரும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. முப்பத்தொன்று வரை எண் மட்டும் அத்துப்படி.

"பதினொண்ணுலே!" என்றேன். கீழே இருந்ததைப் பார்க்கவேயில்லை. காலண்டரில் பெரிய எண்தான் தேதி. ஓரத்துப் பொடி எண்ணையெல்லாம் பார்த்தால் கை ஓடாது, மேஸ்திரி வைவார்.

பதினொன்று என்று எழுதிய தூணடியில் உட்கார்ந்தோம். பதினோரு மணிவாக்கில் மைக்கில் ஒரு தடவை "ராதன்பூர்" என்று காதில் விழுந்தது. இருவரும் எழுந்து நின்றோம். பஸ் வரவில்லை.

பதினொன்றரைக்குச் சீட்டை மறுபடி பார்த்தேன். மேலே இருந்தது மணி. கீழே இருந்த ஏழுதான் பிளாட்பாரம். ஓடினோம். ஏழாம் தூணடி காலி.

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இனி எந்தச் சீட்டையும் நம்ப எனக்குத் தைரியமில்லை. எல்லா பஸ்ஸும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே போயின. அங்கே போய் நடுவில் நின்று, வந்த பஸ்ஸையெல்லாம் மறித்து "ராதன்பூர்?" என்று கத்தினேன்.

"எல்லாரும் பாக்காக, வாங்க மதினி."

"பாக்கட்டும்லே. ஒங்க அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

டிரைவர்கள் வைதபடியே ஒதுங்கிப் போனார்கள். பன்னிரண்டேகாலுக்கு ஒரு டிரைவர், வைத வாயோடு தலையாட்டி, ஏறச் சொல்லிக் கை காட்டினார்.

சீட்டில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. கண்டக்டரிடம் என் கைக்கடிகாரத்தைக் காட்டி, "ராதன்பூர்?" என்றேன்.

அவர் நான்கு விரல்களை விரித்துக் காட்டினார்.