மஞ்சள் தாள் வைத்த டின்

கடலூரில் எங்கள் வங்கிக் கிளைக்கு நான் ஏஜென்ட்டாக, இப்போதைய பேச்சில் மானேஜராக, இருந்த காலத்தில் என் மேசைக்குப் பவுண்டு கொண்டுவந்து தந்த ஒரே மனிதர் அபுல் ஹசன் பாய்தான். மற்றவர்கள் நகையைக் கொண்டுவந்தார்கள், இல்லாவிட்டால் சிபாரிசுக் கடிதத்தைக் கொண்டுவந்தார்கள்.

பழைய டவுனில் அவருக்கு முந்திரி ஆலை. பண்ருட்டிப் பக்கத்துக் கொட்டையை வாங்கி, வறுத்து, உடைத்து, தோலுரித்து, ரகம் பிரித்து டின்னில் அடைத்து மதராஸ் துறைமுகம் வழியாக லண்டனுக்கு அனுப்புவார். வாங்குகிறவர் வில்கின்ஸ் என்ற வெள்ளைக்காரர். வருஷா வருஷம் ஜனவரியில் வருவார், ஒரு வருஷத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார், சிதம்பரம் கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் நான் பாய்க்குக் கொட்டை வாங்கக் கடன் தருவேன். கடன் வந்தால் ஏப்ரலில் ஆலை திறக்கும். ஆலை திறந்தால் பழைய டவுனில் பாதி வீடுகளில் உலை கொதிக்கும். இதுதான் வருஷத்தின் வரிசை.

டின்னை மூடி ஈயம் வைக்கும் இடத்தில் இருசம்மாள் இருந்தாள். ரகம் பிரிக்கும் பெண்களுக்கெல்லாம் மேஸ்திரி அவள்தான். ஒவ்வொரு டின்னையும் மூடுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளின் ஓரத்தில் மஞ்சள் தடவி உள்ளே வைப்பாள். யாரைக் கேட்டும் வைக்கவில்லை, யார் சொல்லியும் நிறுத்தவில்லை. வில்கின்ஸ் முதல் தடவை அதைப் பார்த்து மிரண்டுபோய்த் தந்தி கொடுத்தாராம். பிறகு பழகிவிட்டது. மஞ்சள் தாள் வராவிட்டால்தான் கேள்வி கேட்பார் என்று பாய் பெருமையாகச் சொல்வார்.

அறுபத்துநாலில் மதராசிலிருந்து வேறொரு ஆள் வந்தார். கிழக்கு ஐரோப்பாவில் ஒரு நாட்டின் வர்த்தகப் பிரதிநிதி. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். அவர்கள் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். நல்ல கோட்டு, நல்ல கைகுலுக்கல். லண்டன் விலைக்கு மேலே பத்தில் ஒரு பங்கு சேர்த்துத் தருகிறேன் என்றார். பவுண்டு இல்லை, டாலர் இல்லை, நம் ரூபாயிலேயே.

பாய் நேரே என்னிடம் வந்தார்.

"ஏஜென்ட் சார், நம்ம ரூவாய அவன் எங்கேருந்து கொண்டாருவான்? அவன் ஊருல அச்சடிக்கிறானா?"

நான் விளக்கினேன். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அவர்கள் பேரில் ரிசர்வ் வங்கியில் ஒரு ரூபாய்க் கணக்கு. அவர்கள் டிராக்டர், மிஷின் என்று நமக்கு விற்றால் அந்தப் பணம் அதில் சேரும். அதிலிருந்து எடுத்து முந்திரி, தேயிலை, சணல் என்று நம்மிடம் வாங்குவார்கள். அந்த ரூபாய் இந்தியாவில் மட்டுமே செலவாகும். லண்டனுக்கு எடுத்துப் போய் மாற்ற முடியாது.

"அப்ப நமக்குக் கவல இல்ல. நாம இந்தியாவுலதான இருக்கோம்?"

"ஆமாம் பாய்."

"பணம் நிச்சயமா வருமில்ல?"

"கப்பல் ரசீதைக் கொண்டுவந்து கொடுங்க. நானே தர்றேன்."

சொன்னபடியே வந்தது. பவுண்டு விலை ஏறுமா இறங்குமா என்று தவிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த வருஷம் பாதிச் சரக்கு லண்டனுக்கும் பாதி அந்த நாட்டுக்கும் போனது. பெரிய ஆலைக்காரர்கள் ரூபாய்ச் சரக்கில் கொஞ்சம் உடைசலைக் கலந்து அனுப்பினார்கள் என்று கேள்வி. பாய் அப்படிச் செய்யவில்லை. விலை ஜாஸ்தி தருகிறவனுக்கு நல்ல சரக்குத்தான் தரவேண்டும் என்பது அவருடைய நியாயம். இருசம்மாளும் வித்தியாசம் பார்க்காமல் மஞ்சள் வைத்தாள்.

ஒரே ஒரு குறை. ரூபாய்க்காரர்கள் எல்லா ஆலைகளிலும் அதே விலையைச் சொல்லியிருந்ததால் பண்ருட்டிச் சந்தையில் கொட்டை விலை தலைக்கு மேலே போய்விட்டது. வருகிற லாபத்தில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றார் பாய். நானும் தலையாட்டினேன்.

ஜனவரியில் வில்கின்ஸ் வந்தார். சிதம்பரம் டிராவலர்ஸ் பங்களாவில் தங்கியிருந்தார். இங்கிலீஷ் பேச என்னையும் கூட்டிக்கொண்டு பாய் போனார். சிதம்பரத்தில் நெல் கமிஷன் மண்டி வைத்திருந்த அவருடைய மச்சான் சேக் பரீது பிரியாணித் தூக்கோடு முன்னதாகவே வந்து காத்திருந்தார்.

வில்கின்ஸ் நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவினார். பிறகு பையிலிருந்து ஒரு டின் மூடியையும், சின்னக் கவரையும் எடுத்து மேசைமேல் வைத்தார். மூடியில் பாயின் பிறை முத்திரை இருந்த இடத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. கவருக்குள் ஒரு துண்டுத் தாள், ஓரத்தில் மஞ்சள்.

"இது நம்ம டின்னாச்சே," என்றார் பாய். முகம் மலர்ந்துவிட்டது. பாவம், மனிதர் சந்தோஷப்பட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். வில்கின்ஸ் ஆமாம் என்றார். "இது உங்களிடமிருந்து வாங்கியதில்லை. அந்த நாட்டுக்காரர்களிடமிருந்து வாங்கியது. சரக்கு அவர்கள் நாட்டுக்குப் போகவே இல்லை. கப்பலிலேயே திரும்பி எங்கள் பக்கம் வந்துவிட்டது. உங்கள் விலையைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு."

பாய் என்னைப் பார்த்தார். "சார், அவரு தப்பா சொல்றாரு. அவன் நம்மகிட்ட ஜாஸ்தி குடுத்துல்ல வாங்குனான்? ஜாஸ்திக்கு வாங்கிக் கம்மிக்கு விப்பானா? கடைய மூட வேண்டியதுதான்."

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் இருக்கிற ரூபாயை அவர்கள் வேறெங்கும் செலவழிக்க முடியாது. அவர்களுக்குத் தேவை பவுண்டு. ரூபாயை முந்திரியாக்கி, முந்திரியைப் பவுண்டாக்கினால், நடுவில் கொஞ்சம் நஷ்டப்படுவது அவர்களுக்குப் பெரிய காரியமில்லை. மறுபடி விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதைக் கப்பல் படிப்பதில்லை.

சேக் பரீதுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "மச்சான், ஒங்க சரக்கே ஒங்களுக்குப் போட்டியா வந்துருக்கு."

"சும்மா இரு மச்சான்," என்றார் பாய். அப்புறம் என்னிடம், "சார், ஒண்ணு கேளுங்க. விலை கம்மியா ஒரு சரக்கு வந்தா, மூடியில பெயின்டு அடிச்சி வந்தா, நம்ம தொர எப்புடி நம்பி வாங்குனாரு? புழு இருக்குமோன்னு பயப்பட மாட்டாரா?"

கேட்டேன். வில்கின்ஸ் சிரித்தார். "பயந்துதான் ஒரு டின்னைத் திறந்து பார்த்தேன். மேலேயே மஞ்சள் தாள் இருந்தது. பிறகென்ன பயம்? அவர்களிடமிருந்த சரக்கு முழுவதையும் எடுத்துக்கொண்டேன்."

இதை மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்குத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

அந்த விலைக்கே நீங்களும் தந்தால் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன் என்றார் வில்கின்ஸ். பண்ருட்டியில் கொட்டை விற்கிற விலைக்கு அது கட்டாது. பாய் வெகுநேரம் யோசிக்கவில்லை. முடியாது என்று தலையை ஆட்டினார். வில்கின்ஸ் எழுந்து இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் முந்திரியை விடமாட்டேன், எங்கிருந்து வந்தாலும் வாங்குவேன் என்றார். அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அறையலாம் போலிருந்தது.

"பரவால்ல சார். ரூவாக்காரங்களுக்கே முழுசா குடுத்துட்டாப் போச்சு," என்றார் பாய் திரும்பி வரும் வழியில்.

மதராசுக்குப் போனோம். கோட்டுக்காரர் காபி வரவழைத்தார். இந்த வருஷம் முந்திரிக்கு இடமில்லை என்றார். கணக்கில் ரூபாய் தீர்ந்துவிட்டது. இந்தியா அவர்களிடம் போதுமான அளவுக்கு மிஷின் வாங்கவில்லை. நீங்கள் வாங்கினால்தானே எங்கள் கையில் ரூபாய் இருக்கும் என்று எங்கள் மேலேயே குறைப்பட்டுக்கொண்டார்.

பாய் அதை ஒரு மருந்துச் சீட்டைப்போல எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமே சேக் பரீதைப் பிடித்து உலுக்கி, சேத்தியாத்தோப்புப் பக்கம் இருந்த அவருடைய நிலத்துக்கு அந்த நாட்டு டிராக்டர் ஒன்றை மதராஸ் டீலரிடம் வாங்க வைத்துவிட்டார். நிலமோ களிமண் தாழ்வு. டிராக்டர் முதல் நாளே அச்சுவரை இறங்கி நின்றுவிட்டது. அதை வெளியே இழுக்க எருமைகளைக் கட்டினார்கள்.

ரசீதை எடுத்துக்கொண்டு பாய் என்னிடம் வந்தார். "இப்ப அவுங்க கணக்குல ரூவா ஏறிடுச்சில்ல சார்?"

"பாய், இந்த டிராக்டர் போன வருஷம் கப்பலிலிருந்து இறங்கினப்பவே டீலர் பணம் கட்டிட்டாரு. உங்க மச்சான் குடுத்தது டீலர் கைக்குப் போச்சு."

"டீலரு அப்ப கட்டுன பணம்?"

"கணக்குல சேர்ந்துது. அதுல அவங்க செருப்பு வாங்கிட்டாங்க."

"செருப்பா?"

"ஆம்பூர்ப் பக்கம். தோல் செருப்பு."

அவர் தன் செருப்பைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடன் பேச்சை எடுத்தார். லண்டன் கையெழுத்து இல்லை, ரூபாய்க்காரர்களின் ஆர்டரும் இல்லை. எந்தக் காகிதத்தை வைத்து நான் கொடுப்பது? இல்லை என்றேன். இத்தனை வருஷத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் இல்லை அதுதான். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒங்க வேலைய நீங்க பாக்குறீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரலில் பண்ருட்டிக் கொட்டை மாட்டுவண்டிகளில் ஆலை வாசலைத் தாண்டி வேறு எங்கோ போனது. கேட் பூட்டியிருந்தது. இருப்பு விவரம் பார்க்க நான் போயிருந்தபோது பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. பாய் கேட்டுக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்; பூட்டியிருப்பவரும் அவர்தான், காத்திருப்பவரும் அவர்தான்.

இருசம்மாள் கம்பிக்கு அருகில் வந்தாள். அவளுடைய விரல் நுனிகள் கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தன, போன வருஷத்துக் கறுப்பு.

"மொதலாளி, கேக்கறன்னு கோச்சிக்காதீங்க. போன வருசத்துப் பருப்புல எதாச்சும் கொறயா?"

"ஒரு கொறயும் இல்ல."

"லண்டன்காரரு வேணாம்னுட்டாராமே."

"வேணாம்னு சொல்லல. அவருக்கு நம்ம பருப்புதான் வேணுமாம்."

அவளுக்குப் புரியவில்லை. அவள் புரியாமல் நின்றதில் ஆச்சரியமில்லை. எனக்கே வங்கிப் பரீட்சை எழுதித்தான் புரிந்தது. இத்தனை நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருந்ததை அப்போதுதான் கேட்டாள்.

"நான் ஏதாச்சும் ஒரு நாளு மஞ்சத் தாளு வெக்காம வுட்டுட்டனா? அதனாலதான் இப்புடி ஆயிப்போச்சா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

"இல்ல இருசம்மா," என்றார். "ஒரு நாளுகூட வுடல. எல்லாத்துலயும் வெச்சிருந்த."

அவள் பெருமூச்சு விட்டாள். முகத்தில் இருந்த பாரம் இறங்கியது. "அப்ப சரி மொதலாளி," என்றாள். மற்றவர்களிடம் போய், நம்ம மேல தப்பு இல்லையாம் என்று சொன்னாள். பெண்கள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.