முப்பத்தொன்பது புள்ளி நான்கு

ஜாதவ்பூரில் எங்கள் பொறியியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் பதினெட்டு வருஷமாக மார்க் கூட்டுகிறவன் நான். விஸ்வநாதன் கூட்டினால் மறுபேச்சில்லை என்பார்கள். அந்தத் திமிர் எனக்கும் உண்டு.

கணக்கு இதுதான்: செஷனல் எனப்படும் வகுப்புப் பணி மார்க்கில் நூற்றுக்கு முப்பது பங்கு, பரீட்சை மார்க்கில் எழுபது பங்கு. இரண்டும் சேர்ந்து நாற்பது வந்தால் பாஸ். படிவத்தில் கட்டங்கள் துக்கடா அளவு, புள்ளிக்கு இடமில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் முழு எண்ணாக்கிவிட்டுத்தான் கூட்டுவேன். அரையோ அதற்கு மேலோ இருந்தால் ஒன்று ஏறும், குறைந்தால் போய்விடும்.

அந்த 1974ஆம் வருஷம் தற்காலிகப் பட்டியலை ஒட்டினோம். புதன்கிழமை சுபீர் என்ற பையன் ஆட்சேபம் எழுதிக்கொண்டு வந்தான். செஷனல் 48, பரீட்சை 36. பங்குகள் 14.4, 25.2. நான் 14, 25 என்று போட்டு முப்பத்தொன்பதில் தோற்கடித்திருந்தேன். விதிப்புத்தகத்தைப் பிரித்தேன். கூட்டிய பிறகு ஒரே ஒரு முறைதான் முழு எண்ணாக்க வேண்டுமாம். 39.6 என்றால் நாற்பது. பையன் பாஸ். மார்க்கைத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன்.

அதோடு நிறுத்த மனசு கேட்கவில்லை. மற்ற அறுபத்தொரு பேரையும் போட்டுப் பார்த்தேன். தாராவிடம் வந்து கை நின்றது.

தாரா பாலிகஞ்சில் எங்கள் மாடி வீட்டுப் பரமசிவத்தின் பெண். செஷனல் 45, பரீட்சை 37. பங்குகள் 13.5, 25.9. நான் பதினாலும் இருபத்தாறும் போட்டு நாற்பதாக்கியிருந்தேன். விதிப்படி 39.4. அதாவது முப்பத்தொன்பது, ஃபெயில்.

அவளுக்குத் துர்காப்பூரில் வேலைக்கு உத்தரவு வந்து, பரமசிவம் மாடி மாடியாகச் சந்தேஷ் இனிப்பு கொடுத்திருந்தார். யார் கேட்கப்போகிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். இரக்கம் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை சுபீரின் திருத்தத்தைப் பார்த்த தேர்வு அதிகாரி சான்யால், "ஒருவனுக்கு ஒரு விதி, மற்றவர்களுக்கு ஒரு விதியா? எல்லாருக்கும் போடுங்கள்" என்றார். போட்டேன். தாராவின் நாற்பது முப்பத்தொன்பதானது.

சாயங்காலம் மாடியேறினேன். பரமசிவம் கடைக்குப் போயிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தாராவே காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கு மாமா. சப்ளிமெண்டரி எழுதிப் பாஸ் பண்ணிடறேன். அதுவரைக்கும் வேலையில பொறுத்துப்பாங்க. ஃபாரம் எப்போ குடுக்கணும்?"

"நேத்தோட முடிஞ்சுது."

"அப்போ அடுத்த வருஷந்தானா?" காகிதத்தை நாலாக மடித்தாள். "உங்களுக்கு இது எப்போ தெரியும் மாமா?"

பொய் சொல்ல வாய் வந்தது. அவமானம் தடுத்தது.

"புதன்கிழமையே தெரியும்மா."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"வியாழன், வெள்ளி ரெண்டு நாள் இருந்துதே மாமா" என்றாள்.